நிலையில் ஏறிய மண்கோடு

அன்புள்ள சிதம்பரம்,

உன் மகள் ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனதும், வீடு வெறிச்சென்று ஆனதும் படித்தேன். இங்கே எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் குறை. மற்றபடி பட்டறையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான்.

நீ போனில் அனுப்பிய கொல்லைக் கதவு நிலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு இடத்தில் வட்டம் போட்டு, "எல்லாம் கரையானா?" என்று கேட்டிருக்கிறாய். நாலில் ஒன்றுதான் கரையான் போலத் தெரிகிறது.

முதலில் மேல் மூலையில் இருக்கிற மண் உருண்டை. அதைப் பார்த்துத்தான் நீ அதிகம் பயந்திருக்கிறாய். அது குளவிக் கூடு. மண்ணிலிருந்து வருகிற கரையானுக்கு ஈரம் வேண்டும், வெளிச்சமும் காற்றும் ஆகாது. அதனால் தரையிலிருந்தே மண்ணால் ஒரு மூடிய பாதை கட்டிக்கொண்டுதான் மேலே வரும். உன் உருண்டையோ தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழிருந்து அதற்கு எந்தப் பாதையும் இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே அறை அறையாக இருக்கும். குஞ்சுக்காகக் குளவி பிடித்து வைத்த சிலந்தியோ புழுவோ கிடக்கும். மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, சுரண்டி எடுத்துவிடு.

அடுத்தது தாழ்ப்பாள் பக்கத்தில் இருக்கிற ஓட்டைகள். ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய ஆணி ஓட்டைகளாகத்தான் இருக்கும். இந்தக் கரையான் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டை விட்டுவைக்காது, விட்டாலும் மண்ணால் அடைத்துவிடும். ஓட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் அது உளு வண்டு. அதுவும் மரத்தைத் தின்னுவதுதான், ஆனால் வைத்தியம் வேறு. உன் படத்தில் ஓட்டைக்குக் கீழே தூள் இல்லை. நிலையின் அடியில் இருக்கிற வெள்ளைப் பொடி சுவரோரமாகவே நீளுகிறது. அது சுவர் ஈரத்தில் பூத்த உப்பு.

இப்போது இடது நிலைக்காலுக்கு வருவோம். தரையும் நிலையும் சேருகிற இடுக்கிலிருந்து பென்சில் தடிமனில் பழுப்புக் கோடு ஒன்று கிளம்பி, கீழ்க் கீல் வரை ஏறி, பெயின்ட் உப்பியிருக்கிற இடத்தில் மறைகிறது. இதுதான் என் சந்தேகம். பெயின்ட் உப்பியதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, மழை ஈரத்திலும் உப்பும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அங்கே அழுத்திப் பார். மரம் கெட்டியாக நின்றால் வெறும் ஈரம். நுனி பொசுக்கென்று உள்ளே போய், மரம் ஏடு ஏடாகப் பிரிந்து, இடையில் மண் அப்பியிருந்தால் அது கரையான் தின்ற மரம். கைப்பிடியால் மேலும் கீழும் தட்டிப் பார்த்தால் பொத்தலான இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கோட்டை மொத்தமாகத் துடைத்துவிடாதே. நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடை. வெள்ளையாக, மெதுவாக ஊருகிற பூச்சி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தெரியாவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்துப் பார். உடைத்த இடம் ஈர மண்ணால் திரும்பவும் மூடியிருந்தால் இன்னும் நடமாட்டம் இருக்கிறது. மூடாமல் காய்ந்தே கிடந்தால் அந்தப் பாதையை விட்டுவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், வீட்டை விட்டே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. பின்பக்கம் வேறு பாதை போட்டிருக்கலாம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓடுகிற பாதை எந்தப் படத்திலும் விழாது.

மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று உன் வீட்டம்மா கேட்டாராம். ஊற்றினால் அந்த இடத்தில் இருக்கிற பூச்சி சாகும், புற்றும் ராணியும் மண்ணுக்குள் சௌக்கியமாக இருக்கும். கரையான் உறுதியானால் மருந்து அடிப்பவர்களைக் கூப்பிடு. சுவரோரத் தரையில் சுமார் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, மண்ணுக்குள் மருந்து இறக்க வேண்டும். நிலையின் மேல் மட்டும் பீய்ச்சிவிட்டுக் காசு கேட்கிறவனை நம்பாதே.

உன் நிலை தேக்கு என்பது எனக்கு நினைவிருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் ஓரத்தில் வெளிர்மரம் சேர்ந்திருந்தால் அதைத் தின்றுவிடும். அதனால் இப்போதே நிலையைப் பெயர்க்க ஆள் தேடாதே.

இன்னொரு படம் எடுத்து அனுப்பு. கோட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொள், அப்போதுதான் அளவு தெரியும். பிளாஷ் போடாமல் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடு. மேடுபள்ளம் நிழலோடு விழும். தரை இடுக்கும் படத்துக்குள் வரட்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா