இட்லி 800 பேருக்கு, வந்தவர்கள் 1,034: ஓட்டக் குழுவுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மாரத்தான் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் உணவுக் கூடாரத்தில் கரண்டியோடு நின்றவன் நான் என்பதால், காலை 8.40-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை மணிக்குக் கிளம்பி 21 கிலோமீட்டரும் ஓடி முடித்த ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், தட்டை நீட்டினார். இட்லிப் பானை காலி. வாழைப்பழப் பெட்டியில் காம்புகள்தான் கிடந்தன. "பரவாயில்லை தம்பி, தண்ணி மட்டும் குடுங்க" என்றார். தண்ணீர் கேனும் கவிழ்ந்து கிடந்தது. பத்து கிலோமீட்டர்காரர்கள் முன்பே வந்து சாப்பிட்டுப் போய்விட்டார்கள். அதிக தூரம் ஓடி, கடைசியில் வந்தவர்கள்தான் பட்டினி.

800 பேருக்குச் சமைக்கச் சொன்னது குழு. ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு பதிவு 492-ஆக இருந்தது. "இன்னும் முன்னூறு வந்தாலே பெரிசு" என்று முடிவானது. கடைசியில் எத்தனை பேர் பதிவார்கள் என்று கணக்குப் போட்டு அன்றே நான் ஒரு தாள் கொடுத்தேன். கூட்டத்தில் அதற்குக் "கம்ப்யூட்டர் ஜோசியம்" என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது அந்த ஜோசியத்தை மறுபடி விளக்க அனுமதியுங்கள்.

பதிவுக் கோப்பில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பதிவான தேதி இருக்கிறது. ஓட்டத்துக்கு 21 நாள் முன்பு எத்தனை பேர் பதிந்திருந்தார்கள் என்று எண்ணி, அந்த ஆண்டின் இறுதிப் பதிவோடு ஒப்பிட்டேன். மூன்று ஆண்டு முன்பு 860-இல் 327, அதாவது 38 சதவீதம். அடுத்த ஆண்டு 1,040-இல் 468, அது 45. சென்ற ஆண்டு 1,120-இல் 459, அது 41. ஆக, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடைசி மூன்று வாரத்தில்தான் வருகிறார்கள். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. நம் 21-ஆம் நாள் பொங்கல் முடிந்த கையோடு வருகிறது, கையில் காசில்லை. பிப்ரவரி முதல் தேதி சம்பளம் ஏறியதும், நண்பர் குழுக்கள் மொத்தமாகப் பணம் கட்டுகின்றன.

இந்த ஆண்டின் 492-ஐ அந்த மூன்று விகிதங்களாலும் வகுத்தால் 1,093, 1,200, 1,295 என்று வரும். 45 சதவீதம் வந்த ஆண்டில் முதல் வாரச் சலுகை இருந்தது. கட்டணம் குறைவென்று பலர் முன்பே பதிந்துவிட்டதால் பதிவின் வரைகோடு முன்பக்கம் உப்பியிருந்தது. இந்த ஆண்டு சலுகை இல்லை. எனவே 1,200-லிருந்து 1,295 வரை என்று எழுதிக் கொடுத்தேன். இறுதிப் பதிவு 1,216. பதிந்தவர்களில் எல்லோரும் வருவதில்லை. ஓட்ட எண் அட்டையான பிப்பை வாங்கியவர்கள் கணக்கு ஆண்டுதோறும் 85 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வந்தவர்கள் 1,034 பேர்.

அந்தச் சலுகை ஆண்டையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். முதல் வாரம் 310 பேர் சேர்ந்தவுடன், பதிவு நடக்கும் எட்டு வாரத்தால் பெருக்கி, பிறகு "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று 1,600 டீ-சர்ட் அடித்தோமே! மிச்சமான 560 இன்னும் அலுவலக மாடியில் இருக்கின்றன. எலிகள் எல்லாம் நம் சங்க உறுப்பினர்கள்போல் ஒரே நிறத்தில் உடுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். சலுகையில் குவிந்த கூட்டத்தை வாரக் கூலிபோலப் பெருக்கினால் அப்படித்தான் ஆகும். கூட்டமென்றால் கணக்கு வேண்டாம், குரல் உயர்ந்தவர் சொன்னதே எண் என்பது நம் ஊர்க் கல்யாண வீடுகளிலிருந்து வந்த வழக்கம்போலும். அது வேறு கதை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 50 நாள் முன்பு கேட்டால் சொல்ல மாட்டேன். சலுகையில்லாத ஆண்டுகளில் அப்போது பதிந்திருந்தவர்கள் 4 முதல் 7 சதவீதம்தான். 60 பேரை வைத்துக்கொண்டு 857 என்றும் சொல்லலாம், 1,500 என்றும் சொல்லலாம். ஏதாவது ஒரு நிறுவனம் இருநூறு பேரை ஒரே நாளில் பதிந்தால் அதைத் தனியே கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும், கடைசியில் சேர்க்க வேண்டும். கட்டணமோ பதிவு முடியும் தேதியோ மாறினாலும் பழைய வரைகோடு அப்படியே பொருந்தாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆண்டு சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், 21-ஆம் நாள் எண்ணைப் பழைய ஆண்டுகளின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்களில் உணவுக்குப் பெரியதையும், டீ-சர்ட்டுக்குச் சிறியதையும் எடுங்கள். நூறு தட்டு இட்லி மிஞ்சினால் பக்கத்து விடுதிக்குக் கொடுத்துவிடலாம், டீ-சர்ட் குறைந்தால் பிறகு அடித்து அனுப்பலாம். அந்த 21-ஆம் நாள் ஞாயிறு மாலை பதிவுக் கோப்பை எனக்கு அனுப்பினால் அரை மணி நேரத்தில் எண்ணைத் தருகிறேன். தயவுசெய்து இந்த முறையாவது வகுத்துப் பார்த்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
உணவுக் கூடாரத் தன்னார்வலர்