இரு சேனல் பதிவுகளைக் கலந்து எழுத்தாக்கியது குறித்த புகார்

பெறுநர்: தரப் பொறுப்பாளர், எழுத்தாக்கப் பிரிவு

பொருள்: 120 அழைப்புப் பதிவுகளில் முதல் முறையும் மறுமுறையும் நேர்ந்த பிழைகள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் அனுப்பிய கோப்புகள் எல்லாமே இரண்டு சேனல் கொண்டவை. இடப்பக்கம் ஏஜென்ட், வலப்பக்கம் வாடிக்கையாளர். வினாடிக்கு 8000 மாதிரிகள், மியூ-லா குறியாக்கம். வேலையைத் தொடங்கும் முன் இந்த ஒரு வரியை ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,sample_rate,channels call.wav
```

`pcm_mulaw`, `8000`, `2` என்று வரும். அந்த 2-ஐத்தான் உங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை. முதல் முறை எல்லாவற்றையும் `-ac 1` போட்டு ஒரே சேனலாக்கி, பிறகு யார் பேசியது என்பதைக் குரலை வைத்து ஊகித்திருக்கிறார்கள். கையிலேயே பிரிந்து கிடந்ததைக் கலந்துவிட்டு மறுபடி பிரிக்கப் பார்ப்பது என்ன வேலை என்று எங்களுக்குப் புரியவில்லை.

17ஆம் கோப்பைப் பாருங்கள். 2:41இல் ஏஜென்ட் "அப்ப பழைய முகவரிக்கே அனுப்பிடறேன்" என்கிறார். அவர் முடிக்கும் முன்பே வாடிக்கையாளர் "இல்லல்ல, வேண்டாம்" என்கிறார். வலப்பக்கத்தை மட்டும் கேட்டால் தெளிவாக இருக்கிறது. கலந்த கோப்பில் ஏஜென்ட்டின் ஹெட்செட் குரல் ஓங்கி, கைபேசியிலிருந்து வரும் மெல்லிய குரலை மூடிவிடுகிறது. உங்கள் எழுத்துப்படியில் அந்த "வேண்டாம்" இல்லவே இல்லை. அதைப் படிப்பவருக்கு வாடிக்கையாளர் சம்மதித்தது போலத்தான் தெரியும்.

இதைச் சுட்டிய பிறகு சேனல்களைப் பிரித்து மறுபடி செய்து தந்தீர்கள். பிரித்தது சரி. ஆனால் ஒவ்வொரு சேனலிலும் நீண்ட மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு எழுத்தாக்கியிருக்கிறீர்கள். இதனால் வந்த கேடு முதலில் வந்ததை விடப் பெரிது. அதே 17ஆம் கோப்பில் 3:05 முதல் 3:43 வரை ஏஜென்ட் மியூட்டில் இருந்தார். இடப்பக்கத்தில் அந்த 38 வினாடி காணாமல் போயிற்று. வலப்பக்கத்தில் வாடிக்கையாளரைச் சுற்றியுள்ள இரைச்சல் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே எதுவும் வெட்டப்படவில்லை. 3:50இல் வாடிக்கையாளர் "பணம் திரும்ப வருமா?" என்று கேட்கிறார். 3:52இல் ஏஜென்ட் "வந்துரும்ங்க" என்கிறார். உங்கள் படியில் அந்தப் பதில் 3:14இல் நிற்கிறது. கேள்விக்கு 36 வினாடி முன்னால் பதில், அதுவும் ஏஜென்ட் மியூட்டில் இருந்த நேரத்தில்! இணைத்த பிறகு ஒருவராவது படித்துப் பார்த்தாரா?

மௌனத்தை வெட்டாமல் பிரிக்க இது போதும்:

```
ffmpeg -i call.wav -filter_complex \
 "channelsplit=channel_layout=stereo[L][R]" \
 -map "[L]" agent.wav -map "[R]" cust.wav
```

வரும் இரண்டு கோப்புகளும் மூலக் கோப்பின் நீளமே இருக்க வேண்டும். மௌனத்தைத் தாண்டிச் செல்ல வேண்டுமென்றால் பேச்சுத் துண்டின் தொடக்க நேரத்தைக் குறித்துக்கொண்டு தாண்டுங்கள். ஒலியை வெட்டாதீர்கள்.

அடுத்தது எதிரொலி. வாடிக்கையாளர் ஸ்பீக்கரில் பேசினால் ஏஜென்ட்டின் குரல் திரும்பி வலப்பக்கத்திலும் மெல்லிதாக விழும். 43ஆம் கோப்பில் ஏஜென்ட் சொன்னதெல்லாம் கால் வினாடி கழித்து வாடிக்கையாளர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல: அதே சொற்கள், அதே தாமதம், எப்போதும் மங்கிய ஒலி. அதற்காக மங்கிய ஒலியையெல்லாம் ஒரேயடியாக அழித்துவிட வேண்டாம். மேலே சொன்ன "வேண்டாம்" போன்றவையும் சேர்ந்து போய்விடும். மறுபக்கம் சற்று முன் வந்த சொற்களே திரும்பினால் மட்டும் நீக்குங்கள்.

உங்கள் விலைப்பட்டியலில் "16 கிலோஹெர்ட்ஸுக்குத் தரம் உயர்த்தல்" என்று தனிக் கட்டணம் இருக்கிறது. அதை ஏற்க மாட்டோம். 8000 மாதிரியில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது. தொலைபேசி வழியோ பொதுவாக 300 முதல் 3400 வரைதான் கடத்துகிறது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. மாதிரி எண்ணிக்கையைக் கூட்டினால் உங்கள் மென்பொருள் கோப்பைத் திறக்கும், அவ்வளவே. போன சீறல் திரும்பி வராது. எனவே எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடங்களில் மற்றவர் "எஃப் ஃபார் ஃபாதரா?" என்று திருப்பிக் கேட்பதைப் பார்த்து எழுதுங்கள். அதுவும் இல்லையென்றால் [தெளிவில்லை] என்று போடுங்கள். ஊகித்து எழுதிய கணக்கு எண் எங்களுக்கு வேண்டாம்.

120 கோப்புகளையும் மூலத்திலிருந்து மறுபடி செய்து, ஒவ்வொன்றுக்கும் இரு சேனலின் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 17, 43 இரண்டையும் முதலில் அனுப்புங்கள். அவை சரியாக இருந்தால்தான் மீதியைப் பெற்றுக்கொள்வோம். அதுவரை பாக்கித் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
அழைப்புத் தர ஆய்வுப் பிரிவு