ஆணை நமதே: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டி வலி, மழை, பேத்தி வருகை என்று சாக்கு எத்தனையோ உண்டு. ஆனால் உண்மையான காரணம் ஒரு பாட்டு. அதுவும் முழுப் பாட்டுகூட இல்லை, அதன் கடைசி இரண்டு சொற்கள்.

நம் பழைய தோட்டத்துக் கோயில் இளைஞர்கள் கோளறு பதிகத்தை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். சனிக்கிழமை ஐம்பது பேர் பாடினால் இருபது பேருக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பொருள் மலாயில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று என்னிடம் வந்தார்கள். வேலை இல்லாத கிழவன் யார் இருக்கிறான் என்று பார்த்திருப்பார்கள்.

பத்துப் பாட்டு பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் 'அவை நல்ல நல்ல அடியாரவர்க்கு மிகவே' என்று ஒரே மாதிரி முடிகிறது. ஒரு தடவை மலாயில் சரியாகப் பிடித்துவிட்டால் பத்துக்கும் உதவும். பதினோராவது பாட்டில்தான் வண்டி நின்றுவிட்டது. உனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்:

தேனமர் பொழில்கொள் ஆலை விளைசெந்நெல் துன்னி
வளர்செம்பொன் எங்கும் நிகழ
நான்முகன் ஆதியாய பிரமா புரத்து
மறைஞான ஞான முனிவன்
தானுறு கோளும் நாளும் அடியாரை வந்து
நலியாத வண்ணம் உரைசெய்
ஆன சொல்மாலை ஓதும் அடியார்கள் வானில்
அரசாள்வர் ஆணை நமதே.

முதல் கூத்து 'ஆலை'யில். முதல் வரைவை எழுதிக் கொடுத்த பையன் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறவன். யோசிக்காமல் தொழிற்சாலைக்குச் சொல்கிற 'கிலாங்' என்று போட்டுவிட்டான். சீர்காழிச் சோலைக்கு நடுவில் புகைபோக்கி! சிரித்துவிட்டு அடிக்கப் போனேன், அப்புறம் கை நின்றது. பாட்டில் இருப்பது கரும்பாலை. மலாயிலும் கரும்பு பிழிகிற இடத்துக்குக் கிலாங் என்றுதான் பேர். பக்கத்தில் 'தெபு' என்று ஒரு சொல் சேர்த்தேன், புகைபோக்கி போய்க் கரும்பு வந்துவிட்டது. அவன் முகத்தில் ஒரு வெற்றி!

அடுத்து, பாடியவர் பேர். 'எங்கே சார் சம்பந்தர் பேரு?' என்று கேட்டார்கள். (நம் ஊரில் சம்பந்தன் என்றால் மந்திரியாக இருந்த துன் சம்பந்தன்தான். ஒரு பெண்பிள்ளை அவரா பாடினார் என்றே கேட்டுவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை.) மற்ற பதிகங்களில் 'ஞானசம்பந்தன்' என்று முழுசாக வரும். முதல் பதிகமான 'தோடுடைய செவிய'னிலேயே 'உணர்ஞானசம்பந்தன் உரைசெய்த திருநெறியதமிழ்' என்று இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. 'மறைஞான ஞான முனிவன்' என்பதில் இரண்டு தடவை ஞானம் வருகிறதே, முதல் ஞானம் மறையோடு போகிறது, இரண்டாவதில் அவர் பேரின் பாதி ஒளிந்திருக்கிறது. பிரமாபுரம் என்பது சீர்காழியின் பன்னிரண்டு பேர்களில் ஒன்று. ஊரையும் பாதிப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். மலாயில் 'ஞானம் மிக்க ரிஷி' என்று போட்டால் அது யாரோ ஒரு ரிஷி. அதனால் 'ஞான' என்பதைப் பெயர்போலவே விட்டுவிட்டேன்.

இதைவிடப் பெரிய சிக்கல், அவர் தன்னையே வேறு ஆள்போலச் சொல்வது. 'முனிவன் சொன்ன சொல்மாலை' என்று மலாயில் படித்தவுடன், 'இந்தக் கடைசிப் பாட்டை யார் பின்னால் எழுதிச் சேர்த்தது?' என்று கேட்டார்கள். நமக்குக் காது பழகிவிட்டது; கடைக்காப்பு என்றால் பாடியவர் பேரும் பாடினால் கிடைக்கும் பலனும் வரும் என்று தெரியும். பழகாத காதுக்கு அது பதிப்பாசிரியர் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஒரு வரைவில் 'நான், ஞானசம்பந்தன்' என்று மாற்றிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது, ஆனால் செத்துப்போய் இருந்தது. ஏன் என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. மூன்றேமுக்கால் அடிக்கு அவர் ஓரமாக நின்று யாரோ ஒரு முனிவனைப் பற்றிச் சொல்கிறார். கடைசி இரண்டு சொல்லில் சட்டென்று நம் பக்கம் திரும்புகிறார்: ஆணை நமதே. முன்னாலேயே 'நான்' என்று போட்டுவிட்டால் அந்தத் திரும்புதல் போய்விடுகிறது. ஆகவே முனிவன் முனிவனாகவே இருக்கட்டும்.

சரி, 'ஆணை'க்கு என்ன சொல்வது? தமிழில் ஆணை கட்டளையும் ஆகும், சத்தியமும் ஆகும். 'உன்மேல் ஆணை' என்கிறோம், 'அரசாணை' என்கிறோம். மலாயில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் எனக்கு அகப்படவில்லை. 'சும்பா' என்றால் சத்தியம், ஆனால் சாபமும் அதுதான். சீ தங்காங் கதை படித்த பிள்ளைகளுக்கு, அம்மாவின் சும்பாவால் அவன் கல்லாகப் போனதுதான் ஞாபகம் வரும். கோள் தீர்க்கிற பாட்டின் வாசலில் சாபத்தை வைக்கலாமா? 'ஜாமினான்' என்றான் ஒருவன். அது காற்றாடிக்கு ஒரு வருஷம் கொடுக்கிற உத்தரவாதம். 'பெரிந்தா' கட்டளைதான், ஆனால் இலாகா சுற்றறிக்கை வாசம் அடிக்கிறது. கடைசியில் 'தித்தா'வுக்கு வந்தேன். அரசர் வாக்குக்கு மட்டும் சொல்கிற சொல். முந்தின சொல் 'அரசாள்வர்' ஆயிற்றே, ஓதுகிறவர்களுக்கு அரசு கொடுக்கிறவன் வாக்கு அரசவாக்காக இருப்பதில் தப்பில்லை. சத்தியம் என்கிற பொருள் இதில் போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் 'நமதே'. இங்கே மலாய் ஆங்கிலத்தைவிட நமக்கு நெருக்கம். நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதுபோலவே அவர்களும் கீத்தா, காமி என்று பிரிக்கிறார்கள். (கீத்தா என்று நெடிலாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீ ரப்பர் மரம் நிற்கிற கித்தாக் காட்டுக்குப் போய்விடுவாய்.) 'காமி' போட்டால் ஓதுகிறவன் வெளியே நிற்கிறான். 'கீத்தா' போட்டால் அவனும் சேர்ந்து ஆணையிடுவதுபோல் ஆகிறது. சம்பந்தர் சொன்னது பெருமிதப் பன்மை, ஓதுகிறவனைக் கூட்டுச் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. 'பேத்தா' என்று சுல்தான் மாதிரிச் சொல்ல வைக்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் நீ முன்பு ஒரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது, பழைய ஹிக்காயத்துக் கதைகளில் ராஜாக்கள் தங்களையே கீத்தா என்று சொல்லிக்கொள்வார்கள் என்று. அப்படியானால் ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறதே! 'இத்துலா தித்தா கீத்தா' என்று முடித்தேன். நாலடியையும் மூன்று வாக்கியமாக உடைத்தேன், ஊர் ஒன்று, பாடியவர் ஒன்று, ஓதுகிறவர் ஒன்று. இல்லாவிட்டால் மலாய் வாக்கியத்தில் அடியார்கள் முன்னால் வந்து, சீர்காழி கடைசிக்குப் போய், ஆணை நடுவில் மாட்டிக்கொள்கிறது.

'வானில்' இன்னும் தீரவில்லை. 'ஷுர்கா' நம் சுவர்க்கம்தான், ஆனால் இந்தப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் வேறு சமயப் பாடத்தோடு கேட்டு வளர்ந்தவர்கள். 'கயாங்ஙான்' தேவர் உலகம், ஆனால் தேவதைக் கதை வாசம். வெறும் 'லாங்கிட்' என்றால் வானத்தில் எங்கே அரசாள்வது? மழை மேகத்திலா?

அப்பர் திருமறைக்காட்டில் சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று மதுரைக்குப் போக வேண்டாம் எனத் தடுத்தபோது பிறந்த பதிகம் என்பார்கள். என்னையும் என் மனைவி இதே மாதிரி அச்சகத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறாள், அஷ்டமியாம். அதனால் உனக்கு நாலு நாள் நேரம் இருக்கிறது. நாற்பது வருஷம் மலாய் சொல்லிக் கொடுத்தவன் நீ. 'கீத்தா' பற்றி நீ சொன்னதாக நான் நினைப்பது சரிதானா, வானுக்கு என்ன போடலாம், இரண்டையும் எழுது. போனில் வேண்டாம், எனக்குக் காது கேட்பதில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன்
ராமு