i² = −1 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புக் கணிதப் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்கு வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

கலப்பெண்கள் பாடம் வழக்கமாக எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. x² + 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மெய்யெண்களில் தீர்வு இல்லை; ஆகவே i² = −1 ஆகும்படி i என்றொரு எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டே வரி. அதற்குப் பிறகு i-யின் அடுக்குகள், இணை எண், மட்டு மதிப்பு என்று வண்டி ஓடத் தொடங்கிவிடும்.

என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி அந்த இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறாள்: “x = x + 1-க்கும்தான் தீர்வு இல்லை சார். அதுக்கு மட்டும் ஏன் புது எண் கண்டுபிடிக்கலை?” கேட்டதற்குக் கிடைத்தது இம்போசிஷன். i² = −1 என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த ஆசிரியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் கையில் இருக்கும் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எழுதாமல் விட்டது நீங்கள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. இருபடிச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லவே முடியாது. y = x² + 1 என்ற பரவளையம் x அச்சைத் தொடுவதே இல்லை. தன்மைகாட்டி குறை எண்ணாக வந்தால் ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பல நூற்றாண்டுகள் கணித மேதைகள் அப்படித்தான் போனார்கள், யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. பத்தாம் வகுப்பில் நாமும் அதைத்தானே சொல்லிக்கொடுத்தோம்? x² + 1 = 0-க்காக மட்டும் யாரும் ஒரு புது எண்ணைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். நடக்காத ஒரு காரணத்தை நடந்ததுபோல் சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லை என்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: இந்தப் பாடத்தை முப்படிச் சமன்பாட்டில் தொடங்குங்கள். கதை உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ ஒருவகை முப்படிச் சமன்பாட்டுக்கு வழி கண்டு, அதை வெளியிடாமல் வைத்திருந்து, 1526-இல் இறந்தார். அன்றைக்குக் கணித ஆசிரியரின் பெயரும் பிழைப்பும் பொதுப் போட்டிகளில் தொங்கிக்கொண்டிருந்ததால் சூத்திரம் என்பது மறைத்து வைக்க வேண்டிய சொத்து. பிறகு தார்த்தாலியா தாமே அந்த வழியைக் கண்டார். அவரிடமிருந்து சத்தியம் செய்து வாங்கிக்கொண்ட மிலான் மருத்துவர் கார்டானோ 1545-இல் அதை அச்சிட்டுவிட்டார். அவர்களுடைய சண்டை சுவையானது. ஆனால் நமக்கு வேண்டியது சூத்திரம்தான்.

x³ = 15x + 4 என்ற கணக்கை எடுங்கள். தீர்வு இருக்கிறதா? y = x³ − 15x − 4 என்று வைத்துப் பார்த்தால், x = 0 என்னும்போது y = −4; x = 5 என்னும்போது y = 46. வளைவரை கீழிருந்து மேலே போகிறது, இடையில் எங்கோ அச்சைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் இடம் x = 4. போட்டுப் பாருங்கள்: 64 = 60 + 4. இங்கே ‘தீர்வு இல்லை’ என்று யாரும் தப்பிக்க முடியாது.

இப்போது சூத்திரத்தின் வழியில் போவோம். x-ஐ u + v என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால்,

x³ = 3uv·x + (u³ + v³)

என்று வரும். இதை நம் சமன்பாட்டோடு ஒப்பிட்டால் 3uv = 15, u³ + v³ = 4. அதாவது uv = 5. u³, v³ என்ற இரண்டு எண்களைக் கூட்டினால் 4 வர வேண்டும், பெருக்கினால் 125 வர வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கூட்டினால் 4 வரும் இரண்டு மெய்யெண்களைப் பெருக்கினால் அதிகபட்சம் 4தான் வரும், இரண்டும் 2 ஆக இருக்கும்போது. 125-க்கு எங்கே போவது? இருபடிச் சமன்பாட்டில் போட்டால் u³, v³ இரண்டும் 2 ± √−121 என்று வருகின்றன. சூத்திரம் தரும் விடை:

x = ∛(2 + √−121) + ∛(2 − √−121)

விடை 4 என்று கண்ணெதிரே தெரிகிறது. சூத்திரமும் சரியானது, மற்ற கணக்குகளில் பிசகாமல் வேலை செய்கிறது. இந்தக் கணக்கிலோ, 4 என்ற சாதாரண எண்ணுக்குப் போகும் வழியின் நடுவில் குறை எண்ணின் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கார்டானோவுக்கே இது உறுத்தியது. 1539-லேயே இந்த வகைக் கணக்கைப் பற்றித் தார்த்தாலியாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார், உருப்படியான பதில் வரவில்லை. கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் நாம் தொடங்கியதல்ல என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

விடுவித்தவர் ரஃபாயேல் பொம்பெல்லி. சதுப்பு நிலங்களின் நீரை வடிக்கும் வேலை பார்த்த பொறியாளர். 1572-இல் வெளிவந்த தம் இயற்கணித நூலில் அவர் செய்தது இதுதான்: √−121-ஐ 11√−1 என்று எழுதிக்கொண்டு, √−1 என்பது என்னவென்று கேட்காமல், வழக்கமான கூட்டல் பெருக்கல் விதிகள் அதற்கும் பொருந்தட்டும், அதைத் தன்னாலேயே பெருக்கினால் −1 வரட்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டார். ∛(2 + 11√−1) என்பது a + b√−1 என்ற வடிவில் இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அப்படியானால் இன்னொரு கனமூலம் a − b√−1. இரண்டையும் பெருக்கினால் a² + b². அது 5 ஆக வேண்டும் என்று மேலே பார்த்தோம். முழு எண்களில் முயன்றால் முதலில் தோன்றுவது a = 2, b = 1. கனம் எடுத்துச் சரிபார்க்கலாம்:

(2 + √−1)³ = 8 + 12√−1 − 6 − √−1 = 2 + 11√−1

பொருந்திவிட்டது. மற்றொன்று 2 − √−1. இரண்டையும் கூட்டினால் √−1 கழிந்துபோய் 4 நிற்கிறது. இதெல்லாம் உண்மையைவிடச் சொற்புரட்டாகத்தான் முதலில் தோன்றியது என்று பொம்பெல்லியே எழுதியிருக்கிறார். பெரிய மனிதர். நம் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றினால் மட்டும் தண்டனை.

√−1-ஐ ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். அது இல்லாவிட்டால், மெய்யான விடை உள்ள ஒரு கணக்கில் சரியான சூத்திரம் பாதி வழியில் நின்றுபோகிறது. ‘விடை 4 என்று ஊகித்தே சொல்லலாமே’ என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும், கேட்கட்டும். x³ = 3x + 1 என்பதைக் கொடுங்கள். இதற்கு மூன்று மெய்த் தீர்வுகள், ஒன்று ஏறக்குறைய 1.879. எதுவும் பின்னமாகக்கூட எழுத வராது. சூத்திரத்தில் போட்டால் மறுபடியும் √−3 வருகிறது. இங்கே பொம்பெல்லியின் ஊகமும் உதவாது. a-வையும் b-யையும் தேடினால் இன்னொரு முப்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடும். மெய்யெண்களின் மூலங்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தீர்வை எழுத வழியே கிடையாது என்பது 19-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டுவிட்டது. கோணங்களின் வழியாகப் போனால் விடை 2 cos 20° என்று கிடைக்கும். ஆனால் வர்க்கமூலமும் கனமூலமும் கொண்டு எழுத வேண்டுமென்றால் √−1-ஐத் தாண்டாமல் போக முடியாது.

இனி அந்தப் பிள்ளையின் x = x + 1. அதற்குத் தீர்வு இருப்பதாக வைத்து இருபுறமும் x-ஐக் கழித்தால் 0 = 1. அதை ஒப்புக்கொண்டால் எல்லா எண்ணும் ஒரே எண்ணாகிவிடும், கணக்கே மிஞ்சாது. i-யைச் சேர்த்தால் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் அப்படியே நிற்கின்றன. ஆனால் இலவசமாக அல்ல. பெரிது சிறிது என்பது போய்விடுகிறது. i பூச்சியத்தைவிடப் பெரிது என்றால் i × i-யும் பெரிதாக வேண்டும், ஆனால் அது −1. சிறிது என்றாலும் −i-யை வைத்து அதே இடத்துக்குத்தான் வருவோம். இன்னொன்றும் போகிறது: √a × √b = √(ab) என்ற பழைய விதி. √−1 × √−1-ஐ அந்த விதிப்படி √1 என்று எழுதினால் விடை 1 என்று வந்து நிற்கும். மாணவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. இரண்டு குறை எண்களின் மூலங்களைப் பெருக்கி மிகை எண் வந்தால் அங்கேதான் பிழை என்று ஒரு வரி எழுதினால் எத்தனை மதிப்பெண் தப்பும்!

இதற்கெல்லாம் இடமில்லை என்பீர்கள். i-யின் நாலிலக்க அடுக்கைக் கொடுத்து மதிப்பு கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு இடம் இருக்கிறதே? அடுக்கை நாலால் வகுத்து மீதியைப் பார் என்ற தந்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளை முழு மதிப்பெண்ணோடு பொறியியல் கல்லூரிக்குப் போகிறது. அங்கே மின்சுற்றில் i-க்குப் பதிலாக j வந்ததும், இது எங்கிருந்து வந்தது என்று விழிக்கிறது. ‘கற்பனை எண்’ என்று தெகார்த் 1637-இல் சற்று ஏளனமாகவே வைத்த பெயரை நாம் பக்தியோடு சுமந்துகொண்டிருக்கிறோம். கைடு போடுகிறவர்களுக்கு வருமானம், பயிற்சி நிலையங்களுக்கு விளம்பரம், எனக்கு மாலையில் கூட்டம். எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது, கேள்வி கேட்ட பிள்ளையைத் தவிர.

கோபத்தில் தடம் மாறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது புதுப் பாடத்திட்டம் அல்ல, கூடுதல் அத்தியாயமும் அல்ல. பாடத்தின் முதல் இரண்டு பக்கங்களில் x² + 1 = 0-க்குப் பதிலாக x³ = 15x + 4 இருக்கட்டும். இரண்டு பீரியட் போதும்; கனம் விரிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புரியாதது இதில் ஒன்றும் இல்லை. வினாத்தாள் அமைக்கிறவர்கள் அதிலிருந்து ஓர் ஐந்து மதிப்பெண் வினா கேளுங்கள். தேர்வில் வந்தால்தான் வகுப்பில் நடத்துவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முடியாது என்றால், அதற்கான காரணத்தையாவது எழுதுங்கள். அந்தப் பிள்ளையிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்