குரல் அரட்டையில் சிறுமியை மிரட்டியவர் மீதான புகாரை மீண்டும் திறக்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்: உங்கள் விளையாட்டில் கணக்கு வைத்திருக்கும் 11 வயதுச் சிறுமியின் தாய்

பெறுநர்: வீரர் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளர்

பொருள்: "போதிய ஆதாரம் இல்லை" என்று மூடப்பட்ட புகாரை மீண்டும் விசாரிக்கவும், தொடர்புடைய தரவுகளை அழிக்காமல் வைக்கவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் மகளின் கணக்கிலிருந்தும், பிறகு மின்னஞ்சல் வழியாகவும் நான் கொடுத்த புகாருக்கு உங்கள் பிரிவு இரண்டு வரியில் பதில் அனுப்பியது. இணைத்த காணொளியில் குரல் எதுவும் கேட்கவில்லை, குறிப்பிட்ட பெயரில் வீரர் யாரும் இல்லை, தொந்தரவு செய்பவரை ஒலியடக்கிக் கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பதில். இந்த மூன்றும் ஏன் தவறு என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நால்வர் அணியாக ஆடும் உங்கள் விளையாட்டில் என் மகளுடன் முன்பின் தெரியாத மூவரை உங்கள் அமைப்பே சேர்த்தது. அவர்களில் ஒருவர் வயது வந்த ஆண். அவள் பேசியதும் குரலை வைத்துச் சிறுமி என்று கண்டுகொண்டார். முதலில் கேலி. பிறகு அவள் உடலைப் பற்றிய பேச்சு. அதை இங்கே எழுத மாட்டேன், காணொளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் குரல் தணிந்து, இனிமையாகி, எந்தப் பள்ளி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். வேறொரு அரட்டைச் செயலிக்கு வந்து படம் அனுப்பச் சொன்னார். அவள் மறுத்ததும், வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து வருவேன் என்று மிரட்டினார். ஆட்டம் முடிவதற்குள் நண்பர் கோரிக்கையும் அனுப்பினார். கோபத்தில் திட்டும் வீரரை உங்கள் விதிகள் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். திட்டு, கனிவு, வேறு செயலிக்கு அழைப்பு, மிரட்டல் என்று ஒரே ஆட்டத்துக்குள் படிப்படியாக நகர்பவர் எரிச்சலில் வாய்தவறியவர் அல்லர். குழந்தையை உங்கள் கண்காணிப்புக்கு வெளியே இழுப்பதுதான் அவருடைய நோக்கம்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே மகள் என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய ஆண்ட்ராய்டு கைபேசியில் திரைப்பதிவைத் தொடங்கினேன். அதே நேரத்தில் அவளுடைய காதொலிப்பானைக் கழற்றி, ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றி, என் கைபேசியால் அந்தத் திரையையும் ஒலியையும் சேர்த்துப் படமெடுத்தேன். இரண்டையும் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பார்த்தது முதலாவதை மட்டும்.

திரைப்பதிவில் அந்த ஆளின் குரல் இல்லாததற்குக் காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு செயலியின் ஒலியைப் பதிவுசெய்ய ஆண்ட்ராய்டு 10 முதல் தரப்பட்டுள்ள வசதி, விளையாட்டு ஒலியையும் பாட்டையும் எடுத்துக்கொள்ளும். குரல் தொடர்பு என்று குறிக்கப்பட்ட ஒலியை எடுக்காது. அழைப்புகளை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்காமல் இருக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் துப்பாக்கிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, மிரட்டியவரின் இடம் மட்டும் மௌனமாக இருக்கிறது. ஐபோனிலும் திரைப்பதிவுப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி மைக்ரோஃபோனைத் தனியாக இயக்க வேண்டியிருக்கிறது. இயக்கினாலும், விளையாட்டே மைக்கைப் பிடித்து வைத்திருக்கும்போது குரல் பதிவாகும் என்ற உறுதி இல்லை. ஆகவே பெற்றோருக்கு நம்பகமான வழி, குரலை ஸ்பீக்கரில் விட்டு இன்னொரு கருவியால் பிடிப்பதுதான். எது பதிவாகிறது என்று அறிய, தெரிந்த நண்பர் ஒருவரைப் பேசச்சொல்லிச் சில வினாடிகள் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தால் போதும். இந்தச் சிறு சோதனையை உங்கள் உதவிப் பக்கம் எந்தப் பெற்றோருக்கும் சொல்லவில்லை. அப்படியிருக்க, குரல் பதிவாகவே முடியாத ஒரு கோப்பில் குரல் இல்லை என்று காரணம் காட்டிப் புகாரை மூடுவது எப்படி நியாயமாகும்?

இரண்டாவது காணொளியை விளையாட்டிலிருந்து நேரடியாக எடுக்கப்படாதது என்று ஒதுக்கியிருந்தால், அதையும் மறுக்கிறேன். அதில் ஆட்டத் திரை தெரிகிறது. பேசுபவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒலிக்குறி மின்னுவது தெரிகிறது. அறையின் கடிகாரமும் தெரிகிறது. எந்த வாக்கியத்தின்போது எந்தப் பெயர் மின்னுகிறது என்பதைத் திரைப்பதிவோடு பொருத்திப் பார்க்கலாம். ஒன்று படத்தையும் மற்றொன்று குரலையும் உறுதிசெய்கின்றன. நான் எதையும் வெட்டவில்லை, ஒலியைக் கூட்டவில்லை. செய்திச் செயலிகள் காணொளியைச் சுருக்கிக் கோப்பின் விவரங்களையும் மாற்றிவிடும் என்பதால் அவற்றின் வழியாக அனுப்பாமல், மூலக் கோப்புகளையே சேமிப்பகத்தில் ஏற்றி இணைப்பு கொடுத்தேன். மூலம் இன்றும் அந்தந்தக் கைபேசியிலேயே இருக்கிறது.

அடுத்து, அந்தப் பெயரில் வீரர் இல்லை என்கிறீர்கள். இல்லாமல்தான் இருக்கும், ஏனென்றால் அவர் பெயரை மாற்றிவிட்டார். உங்கள் விளையாட்டில் காட்சிப் பெயரை யாரும் மாற்றலாம், கணக்கின் வீரர் எண் மாறாது. இதை எதிர்பார்த்துத்தான் ஆட்டம் முடிந்தவுடன் முடிவுத் திரையை ஆட்ட எண்ணோடு படமெடுத்தேன். அவருடைய சுயவிவரத்தைத் திறந்து வீரர் எண்ணையும் நண்பர் கோரிக்கையையும் படமெடுத்தேன். அதற்குப் பிறகே அவரைத் தடைசெய்தேன். இந்த வரிசை முக்கியம். தடைசெய்தால் அண்மையில் ஆடியவர்கள் பட்டியலிலிருந்து அவர் மறைந்துவிடுகிறார்; பிறகு எண்ணைத் தேடி எடுக்க வழியில்லை. பதறிப்போன எந்தப் பெற்றோரும் முதலில் தடைப் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். அந்த அழுத்தலே ஆதாரத்தை மறைக்கும்படி உங்கள் செயலி அமைந்திருக்கிறது. வீரர் எண்ணும் ஆட்ட எண்ணும் என் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே இருந்தன. உங்கள் ஊழியர் பெயரை மட்டும் தேடியிருக்கிறார்.

நேரத்தையும் இரண்டு விதமாக எழுதியிருந்தேன். உங்கள் ஆட்ட வரலாறு உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது, கைபேசி உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் எழுதினால், தேடுபவர் வேறொரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியும்.

ஒலியடக்கச் சொல்லும் அறிவுரை குறித்து: என் மகள் அவரை ஒலியடக்கினால் அவளுக்குக் கேட்காது. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு குழந்தைக்குக் கேட்கும். காவல்நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஆட்டத்தின் விவரங்களைக் கேட்டு அவர்கள் முறைப்படி உங்களுக்கு எழுதுவார்கள். அதுவரை கணக்கின் பதிவு விவரங்கள், உள்நுழைந்த ஐ.பி. முகவரிகள், பெயர் மாற்ற வரலாறு, எழுத்து அரட்டை, ஏதேனும் குரல் துணுக்கு சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் என எதையும் வழக்கமான கால அளவு முடிந்தது என்று அழிக்கக் கூடாது. இந்தக் கோரிக்கையை முதல் நாளே அனுப்பியிருந்தேன், அதற்குத்தான் நீங்கள் பதிலே சொல்லவில்லை. காவல்துறையின் கடிதம் நடைமுறைகளைக் கடந்து வருவதற்குள் தரவு போய்விட்டால், அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபடும்.

அன்றிரவு மகள் நினைவில் இருந்ததை அவள் சொன்னபடியே எழுதி, தேதியிட்டு வைத்தேன். "அவர் இப்படிச் சொன்னாரா?" என்று வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை; "அடுத்து என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். குழந்தையின் வாயில் நாம் வைத்த சொல் பின்னால் விசாரணையில் அவளுக்கே எதிராகத் திரும்பக்கூடும். ஆளை மேலும் பேசவைத்துப் பிடிக்கலாம் என்று அவளை மறுபடி அந்த ஆட்டத்துக்கு அனுப்பவும் இல்லை, அது காவல்துறையின் வேலை. பதிவை எந்தச் சமூக ஊடகத்திலும் போடவில்லை. உரையாடலைப் பதிவுசெய்வது குறித்த சட்டம் இடத்துக்கு இடம் மாறும்; அதோடு, அந்தப் பதிவில் இருப்பது என் குழந்தையின் குரல். நல்லவேளை, அவள் படம் எதையும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அதன் நகலைக்கூட எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். கைபேசியை அப்படியே காவல்துறையிடம் கொடுத்திருப்பேன். உங்கள் படிவமோ எல்லா வகைப் புகாருக்கும் திரையைப் படமெடுத்து இணைக்குமாறு கேட்கிறது. குழந்தையின் அந்தரங்கப் படம் தொடர்பான புகாருக்கும் அதையே கேட்பது ஆபத்தானது. அந்த வரியை இன்றே நீக்குங்கள்.

இந்தச் சுமை முழுவதும் பெற்றோர் தலையில் விழவேண்டியதில்லை என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று உண்டு. 2023 முதல் எக்ஸ்பாக்ஸ் கருவியில், விளையாட்டுக்குள் நடந்த குரல் சம்பவத்தின் 60 வினாடித் துணுக்கை வீரரே பிடித்துப் புகாரோடு அனுப்ப முடிகிறது. அதே ஆண்டு ஃபோர்ட்நைட்டும் கடைசி 5 நிமிடக் குரலைக் கருவியிலேயே தற்காலிகமாக வைத்திருந்து, புகார் செய்தால் மட்டும் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. எல்லோருடைய பேச்சையும் நிரந்தரமாகச் சேமிக்க வேண்டாம். அதை நானும் விரும்பவில்லை. புகார்ப் பொத்தானை அழுத்தும் கணத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் போதும். அது இருந்திருந்தால் ஒரு கைபேசியை இன்னொன்றின் முன் நீட்டிப் பிடிக்க வேண்டிய நிலையே எனக்கு வந்திருக்காது.

எனவே, வீரர் எண்ணை வைத்து இந்தப் புகாரை மீண்டும் திறந்து, இரண்டாவது காணொளியை ஒரு மனிதர் முழுதாகக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தரவுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன என்று எழுத்தில் உறுதி வேண்டும். காவல்துறை எந்த முகவரிக்கு எழுதவேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். 11 வயது என்று பதிவான கணக்கில் அந்நியர்களுடனான குரல் அரட்டை தானாகவே திறந்திருந்தது ஏன் என்பதற்கு விளக்கம் வேண்டும்; குழந்தைகளின் கணக்குகளில் அது அணைந்த நிலையில் தொடங்கி, பெற்றோர் திறந்தால் மட்டும் திறக்க வேண்டும். தடைசெய்த பிறகும் அந்த வீரரின் எண்ணைப் பெற்றோர் பார்க்க வழி செய்யுங்கள்.

புகார் எண், ஆட்ட எண், வீரர் எண், இரண்டு கோப்புகளின் இணைப்பு, மகளின் கூற்று, காவல் புகாரின் ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றை மீண்டும் இணைத்துள்ளேன். பதிலை என் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். மகளின் விளையாட்டுக் கணக்குக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். அதை அவள் இப்போது திறப்பதில்லை.

இப்படிக்கு,
கணக்கின் பொறுப்பாளரான தாய்