ஓ.டி.பி. எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பும் முதலாளிமார்களுக்கு

கடைத்தெரு முதலாளிமார்களுக்கு வணக்கம், சலாம்.

ஜோர்ஜ்டவுன் லெபோ பாசாரிலும் லெபோ குவீனிலும் புடவை, பூசைப் பொருள், மசாலா, பாத்திரம் என்று விற்கும் உங்களில் பலர் இப்போது ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் என ஏதாவது ஒன்றிலும் கடை போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடையைத் தினமும் திறந்து பார்ப்பது என்னைப் போன்ற ஊழியர்கள். திறப்பதற்கான ஓ.டி.பி. எண் போவதோ உங்கள் கைப்பேசிக்கு. இந்த மடல் அதைப் பற்றி மட்டும்தான். சம்பளத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். முதலாளி பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். கடைக் கணினியில் யாரோ உலாவியின் பழைய தரவுகளை அழித்துவிட்டதால் கணக்கு வெளியேறிக் கிடக்கிறது. ஊழியர் கடவுச்சொல்லைப் போடுகிறார், தளம் ஆறு இலக்க எண் கேட்கிறது. "முதலாளி, நம்பர் வந்துச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். பதில் இல்லை. மீண்டும் அனுப்பு என்ற பொத்தானை அழுத்துகிறார். அந்த நேரத்தில்தான் முதலாளி கைப்பேசியைப் பார்த்து, முதலில் வந்த எண்ணை அனுப்புகிறார். ஆனால் புது எண் கேட்ட உடனே பழைய எண் பெரும்பாலும் செத்துவிடும். தவறான எண் என்று திரை சொல்கிறது. இன்னொரு முறை கேட்டு, இன்னொரு முறை தவறிய பிறகு, கொஞ்ச நேரம் முயற்சி செய்ய முடியாதபடி தளம் பூட்டிவிடுகிறது. இதற்கிடையில் பார்சல் எடுக்கும் வேன் வந்து போய்விட்டது. அனுப்பத் தாமதமான ஆர்டர்களுக்குத் தண்டனைப் புள்ளி விழும், சில ஆர்டர் தானாகவே ரத்தாகும். அப்புறம் திட்டு விழுவது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் குறை, எண் தாமதமாக வந்தது மட்டும் அல்ல. ஒரே கணக்கை, அதுவும் உங்கள் சொந்தக் கணக்கை, மூன்று பேர் மூன்று கருவிகளில் திறப்பதுதான் அடிப்படைக் குறை. தளம் பழகிய கருவியைக் குக்கி மூலம் அடையாளம் வைத்துக்கொள்ளும். மறைவுச் சாளரத்தில் திறந்தால், தரவுகளை அழித்தால், விபிஎன் போட்டால், அல்லது யாராவது கடவுச்சொல்லை மாற்றினால், அந்த அடையாளம் போய்விடும் அல்லது தளத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே மறுபடியும் எண் கேட்கும். வாரத்தில் பல தடவை எண் கேட்கிறதென்றால், கடைக் கணினியில் இவற்றில் ஏதோ ஒன்று நடக்கிறது என்று அர்த்தம். கடைக்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்றை வைத்து, அதில் வேறு எதையும் திறக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

பாதிதான். மீதிப் பாதி ஆபத்தானது. அவசரத்தில் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவது உங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. ஊழியரின் பெயரும் படமும் வைத்த வேறொரு எண்ணிலிருந்து "முதலாளி, அவசரம், ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்று செய்தி வந்தால், கல்யாணச் சந்தடியில் நீங்கள் குறுஞ்செய்தியை முழுதாகப் படிப்பீர்களா? அது கடைக் கணக்கின் எண்ணாக இல்லாமல், உங்கள் வாட்ஸ்அப்பையே வேறு கைப்பேசியில் திறக்கும் எண்ணாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் போய்விட்டால், உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்பார்கள். பணம் மோசடிக்காரர் கைக்குப் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும், பாங்கையும் அழைக்க வேண்டும். அந்த நிலைக்கு ஏன் போவானேன்?

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சில தளங்களில் நீங்கள் விற்கும் கணக்கும் வீட்டுக்குச் சாமான் வாங்கும் கணக்கும் ஒன்றேதான். கடவுச்சொல்லைப் பார்சல் கட்டும் தம்பியிடம் கொடுத்தால், உங்கள் மின்பணப்பை, வீட்டு முகவரி, வாங்கிய பொருள் எல்லாமும் அவர் கண்ணுக்குத் தெரியும். கெட்ட எண்ணம் இல்லாதவருக்கும் அது சங்கடம்தான். நாளைக்கு ஏதாவது தொலைந்தால் சந்தேகம் அவர் மேல்தான் விழும், அவர் செய்யவில்லை என்று காட்ட ஒரு வழியும் இராது.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பெரிய தளங்கள் எல்லாமே விற்பனையாளர் பக்கத்தில் ஊழியருக்குத் துணைக் கணக்கு திறக்க இடம் வைத்திருக்கின்றன. `Sub Account` அல்லது `User Management` போன்ற பெயரில் அமைப்புகளுக்குள் இருக்கும். அதில் ஊழியரின் சொந்தக் கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்தால், அவர் நுழையும்போது சரிபார்ப்பு எண் அவருக்கே போகும். நீங்கள் கல்யாணத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இரண்டு ஊழியர் உள்ள மசாலாக் கடை என்று வைத்துக்கொள்வோம். பார்சல் கட்டுபவருக்கு ஆர்டரைப் பார்க்கவும் அனுப்புச் சீட்டை அச்சடிக்கவும் மட்டும் அனுமதி போதும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் பெண்ணுக்கு உரையாடல், பொருள் பதிவு, விலை மாற்றம் இவை வேண்டும். நிதி, பணம் எடுப்பது, பாங்க் கணக்கு எண்ணை மாற்றுவது ஆகிய மூன்றும் உங்களைத் தவிர யாருக்கும் வேண்டாம். அவற்றுக்கு எண் உங்கள் கைப்பேசிக்கு வருவதே நல்லது, அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

துணைக் கணக்கை ஆளுக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். `packing1` என்று பொதுப் பெயர் வைத்து இரண்டு பேருக்கும் கொடுத்தால், 45 வெள்ளிப் பொருளை 4.50 என்று யார் மாற்றியது என்று பதிவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே அவருடைய கணக்கை மட்டும் முடக்கலாம், மற்றவர் வேலை நிற்காது. இப்போது என்ன நடக்கிறது? ஒருவர் போனால் கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள், எல்லாரும் வெளியேற்றப்படுகிறார்கள், மறுபடி ஓ.டி.பி. திருவிழா ஆரம்பிக்கிறது.

சில வேலைகள் தலைமைக் கணக்கில்தான் ஓடும், அது தளத்துக்குத் தளம் மாறும். அதனால் துணைக் கணக்கைத் திறந்த அன்று, கடை நேரத்திலேயே, ஊழியர் ஒரு உண்மையான ஆர்டரை முழுதாக முடித்துப் பார்க்கட்டும். எங்கே அனுமதி இல்லை என்று திரை சொல்கிறதோ அந்த ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுங்கள். சலித்துப்போய் எல்லாக் கட்டத்தையும் டிக் செய்தால், மறுபடியும் கடவுச்சொல்லைக் கொடுத்த கதைதான்.

தலைமைக் கணக்கில் உள்ள கைப்பேசி எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொல்லை தாங்காமல் சிலர் அதை ஊழியரின் எண்ணுக்கே மாற்றிவிடுகிறார்கள். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் கடையின் சாவியும் கூடவே போகும். திரும்பப் பெற அடையாள அட்டை, எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்று என்று தளத்திடம் நாள்கணக்கில் கெஞ்ச வேண்டும். கடைக்கென்று தனி சிம் எடுப்பதானால் உங்கள் பெயரில் எடுங்கள், பிரீபெய்ட் என்றால் கெடு முடியும் முன் பணம் போடுங்கள். கெடு கடந்து கைவிடப்பட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போகலாம், உங்கள் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும். ஊருக்குப் போகும் முன் அந்த எண்ணுக்கு வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருமா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளி ஆர்டரும் 11.11 விற்பனையும் தொடங்கிவிட்டால் இதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் குறைந்த பிறகு, உங்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கணினிப் பக்கம் வந்து உட்காருங்கள். தலைமைக் கணக்கில் நீங்களே நுழைந்து, துணைக் கணக்குகளில் எங்கள் எண்களைச் சேர்த்துவிடுங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றி, புதியதை எங்களிடம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கடைத்தெருவில் இணைய ஆர்டர் பார்க்கும் ஒருத்தி