பழைய கார் விற்கும் கன்சல்டிங் நண்பர்களுக்கு: பாலிசியில் பெயர் மாறினால் என்னென்ன மாறுகிறது?

கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் உரிமையாளர்களுக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

விபத்தான கார்களைப் பார்த்து சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். உங்கள் கடைகளில் இருந்து போன வண்டிகளும் என்னிடம் வருகின்றன. "எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் லைவ்" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த இன்சூரன்ஸ் யாருக்காக, எந்த அளவுக்கு லைவ் என்பதைப் பாலிசியோடு கொடுக்கும் ஷெட்யூலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷெட்யூல் என்பது பாலிசி கொடுத்த அன்றைய நிலைமை. உரிமையாளர் பெயர், வண்டி எண், ஐ.டி.வி., கடன் கொடுத்த வங்கி, நாமினி எல்லாம் அந்தத் தேதிக்கு எப்படி இருந்ததோ அப்படியே அச்சாகியிருக்கும். நடுவில் ஒன்று மாறினால் கம்பெனி புது பாலிசி போடாது. மாறியதை மட்டும் தனித்தாளில் எழுதி, அதற்கொரு எண் போட்டு, பழைய பாலிசியோடு சேர்க்கும். அதுதான் எண்டார்ஸ்மென்ட். அந்தத் தாளில் எழுதியது மட்டுமே, அதில் போட்டிருக்கும் தேதியில் இருந்து மாறும். 'மற்றபடி பாலிசியின் நிபந்தனைகளும் வரம்புகளும் விலக்குகளும் அப்படியே பொருந்தும்' என்ற பொருளில் வழக்கமாகக் கடைசியில் ஒரு வரி இருக்கும். எல்லோரும் படிக்காமல் விடுவது அதைத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. ஷெட்யூலிலேயே 'ஐ.எம்.டி. 7, 22, 28' என்று எண்கள் இருக்கும். இவை முதல் நாளிலிருந்தே சேர்ந்திருக்கும் எண்டார்ஸ்மென்ட்கள். 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபில் இருந்து வந்த எண்கள். 7 என்றால் வண்டி வங்கிக் கடனில் இருக்கிறது. 22 என்றால் ஒவ்வொரு சேதக் க்ளெய்மிலும் ஒரு தொகையை உரிமையாளரே ஏற்க வேண்டும். 28 என்றால் சம்பள டிரைவருக்கான பொறுப்பு. சி.என்.ஜி. கிட்டுக்கு 25.

ஒரு காரைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். பாலிசி 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. ஐ.டி.வி. 4 லட்சம். சொந்த சேதப் பகுதிக்கான பிரீமியம் 8,000 ரூபாய். பழைய உரிமையாளர் க்ளெய்ம் எடுக்காததால் அதில் 35 சதவீதம், அதாவது 2,800 ரூபாய், போனஸாகக் கழிந்திருக்கிறது. ஆகஸ்ட் 10 அன்று வண்டி உங்கள் மூலம் கைமாறுகிறது.

அன்றைக்கே மூன்றாம் நபர் பகுதி புது உரிமையாளருக்கு மாறியதாகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு கருதுகிறது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக மாறாது. 1990களிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் தனியாகக் கேட்க வேண்டும், விற்றவர் சம்மதம் தர வேண்டும், விற்றதற்கு ஆதாரமும் புது புரொபோசல் ஃபாரமும் வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டால் போதும் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, நம் ஆள் கேட்டுவிட்டார். ஆகஸ்ட் 20 முதல் பெயர் மாற்றி முதல் எண்டார்ஸ்மென்ட் வருகிறது. அதில் சுமார் 1,718 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கேட்டிருக்கும். இது அபராதம் அல்ல. க்ளெய்ம் இல்லாத போனஸ் வண்டியைச் சேர்ந்தது அல்ல, ஆளைச் சேர்ந்தது. பழையவரின் 2,800 ரூபாய்ச் சலுகையில் மீதமுள்ள 224 நாளுக்கானதைத் திரும்ப வாங்குகிறார்கள். 2,800ஐ 224ஆல் பெருக்கி 365ஆல் வகுத்துப் பாருங்கள். இந்த வரவு எண்டார்ஸ்மென்டில் இல்லையென்றால் பெயர் மட்டும் மாறி, போனஸ் பழையபடி நிற்கிறது என்று பொருள். அப்போதே கேட்டுச் சரிசெய்யுங்கள், க்ளெய்ம் நேரத்தில் அது கேள்வியாக வரும்.

அடுத்து அந்தத் தாள் எதைத் தொடவில்லை என்று பாருங்கள். வங்கிப் பெயர் ஷெட்யூலில் அப்படியே இருக்கும். பழையவர் கடனை முடித்து, ஆர்.டி.ஓ.விலும் நீக்கியிருப்பார். பாலிசியில் நீக்கச் சொல்லி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வண்டி முழுக்கப் போய்விட்டால் கம்பெனி முதலில் பார்ப்பது அந்த வங்கியைத்தான். உரிமையாளர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு இருந்தால் நாமினி இடத்தில் பழையவரின் குடும்பத்தாருடைய பெயர் நிற்கும். புது உரிமையாளருக்கு அந்தக் காப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் தன் நாமினி யார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெயர் மாற்றினால் இதெல்லாம் சேர்ந்தே மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது.

அப்புறம் இவர் சி.என்.ஜி. கிட் போடுகிறார், விலை 50,000. கிட் மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் என்பது டாரிஃப் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாளுக்கு சுமார் 997 ரூபாய் வரும். அதோடு மூன்றாம் நபர் பகுதிக்கு ஒரு சிறு தொகை. இரண்டாவது எண்டார்ஸ்மென்டில் மூன்றைத் தேடுங்கள்: ஐ.எம்.டி. 25 என்ற எண், கிட்டின் மதிப்பு, மொத்த ஐ.டி.வி. 4,50,000 ஆகியிருப்பது. பெட்ரோல் என்பது சி.என்.ஜி. ஆகி, கிட் மதிப்பு இடத்தில் பூஜ்யம் இருந்தால், எரிபொருள் விவரம் மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. கிட்டுக்குக் காப்பு இல்லை.

தேதிகளைக் கவனமாகப் பாருங்கள். தாளில் இரண்டு தேதி இருக்கும்: கொடுத்த தேதி, அமலாகும் தேதி. பணத்தை செப்டம்பர் 30 அன்று கட்டி, தாள் அக்டோபர் 7இல் வந்திருக்கலாம். அமல் தேதி அக்டோபர் 1 என்றிருந்தால் 3ஆம் தேதி விபத்தில் கிட்டுக்கும் காப்பு உண்டு. அமல் தேதியும் 7 என்று அச்சாகியிருந்தால் பணம் கட்டிய ரசீதோடு அன்றே எழுதித் திருத்தக் கேளுங்கள். பிரீமியம் முன்கூட்டி வராமல் ரிஸ்க்கை ஏற்கக் கூடாது என்பது 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. அதனால் விபத்துக்குப் பிறகு பணம் கட்டி, முன்தேதியிட்டு எண்டார்ஸ்மென்ட் வாங்கும் வழி கிடையாது. அப்படி வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தக் காரின் இன்றைய பாலிசி என்னவென்று தெரிய ஷெட்யூலையும் இரண்டு தாள்களையும் அமல் தேதி வரிசையில் வைத்து, பென்சிலால் பழைய வரியை அடித்துப் புதியதைப் பக்கத்தில் எழுதுங்கள். தாள் எதுவும் தொடாத வரி முதல் நாள் இருந்தபடியே நிற்கிறது. எண் 1, 3 மட்டும் இருந்து 2 இல்லையென்றால் கம்பெனியில் கேளுங்கள். காணாமல் போன தாளில் ஐ.டி.வி. குறைந்திருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. வண்டியோடு ஷெட்யூலை மட்டும் அல்ல, எல்லா எண்டார்ஸ்மென்ட் தாள்களையும் கொடுங்கள். விற்பவர் 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட வரும் அன்றே பாலிசி மாற்றத்துக்கான சம்மதக் கடிதத்திலும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், 14 நாள் சீக்கிரம் போய்விடும். அவர் அடுத்த கார் வாங்குவதாக இருந்தால், போனஸைத் தக்கவைத்துக்கொள்ளும் கடிதத்தைக் கம்பெனியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்குள் அதைப் புது பாலிசியில் பயன்படுத்தலாம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு மோட்டார் சர்வேயர்